இரண்டு நிலைகளுக்கு நடுவே

மோதல் இல்லை என்றுதான் திரை காட்டிக்கொண்டிருந்தது. பச்சை எழுத்தில். அதற்கு ஓரெட்டு தள்ளி, மேசையோரம் நிறுத்தியிருந்த அக்ரிலிக் தடுப்பு, மேல் விளிம்பிலிருந்து குறுக்காக விரிசல் விட்டு நின்றது. ரோபோ கை இடித்ததும் தன்னைத்தானே நிறுத்திக்கொண்டிருந்தது. ஏதோ கேட்க வந்து மறந்துபோன ஆளைப் போல, மணிக்கட்டை மடித்தபடி அசையாமல் இருந்தது. அது பிடித்திருந்த குழாய்த் தட்டு தரையில் கவிழ்ந்து கிடந்தது. குழாய்களில் இருந்தது ரத்தம் இல்லை, ஒத்திகைக்காகக் கலக்கிய சிவப்புத் தண்ணீர். ஆனால் பரிசோதனைக்கூடத்தின் தலைவியான டாக்டரம்மாவின் வெள்ளைக் கோட்டில் அது தெறித்திருந்த கோலத்தைப் பார்த்தவர்கள் யாரும் அதைத் தண்ணீர் என்று சொல்லமாட்டார்கள்.

"நான் நல்லாத்தான் இருக்கேன், யாரும் ஆம்புலன்ஸ் கூப்பிட வேண்டாம்," என்றார் டாக்டரம்மா. ஊசி போடும் பெண்கள் இரண்டு பேர் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார்கள்.

முதலாளி சிரிக்கவில்லை. நாலு பேர் வேலை செய்யும் சின்ன கம்பெனிக்கு முதலாளி அவர். ரத்தக் குழாய்களைத் தூக்கி வைக்க இங்கே ரோபோ கை பொருத்தும் இந்த ஒரு வேலை நல்லபடியாக முடிந்தால் இன்னும் பல பரிசோதனைக்கூடங்கள் கிடைக்கும் என்று கோயில் குளம் எல்லாம் வேண்டாத குறையாகக் காத்திருந்தவர். அவர் நேராக வந்து, லேப்டாப்பின் முன்னால் உட்கார்ந்திருந்த அவள் தோளுக்கு மேலாகக் குனிந்து பார்த்தார்.

"பாதை கிளியர்னு சொல்லுதே?"

"ஆமா சார்," என்றாள் அவள். கைக்குப் பாதை தேடிக் கொடுக்கும் புரோகிராமை எழுதியவள் அவள்.

"அப்ப பாதை சரி. கையும் பாதையிலதான் போயிருக்கு. அப்பறம் எப்படி இடிக்கும்?" அவர் நிமிர்ந்தார். அவர் முகத்தில் ஒரு தெளிவு வந்ததை அவள் பார்த்தாள். "சுவரு நாம நினைச்ச இடத்துல இல்லன்னு அர்த்தம். மேசை, சுவரு, தடுப்பு எல்லாம் யாரு அளந்தது?"

யார் அளந்தது என்று அவருக்குத் தெரியும். அறையின் மூலையில், கவிழ்ந்த குழாய்களைப் பொறுக்கிக்கொண்டிருந்த சின்னு கையில் குழாயோடு அப்படியே எழுந்து நின்றாள். எல்லோர் கண்ணும் அவள் பக்கம் திரும்பியது.

சின்னு, புரோகிராம் எழுதியவளின் நாத்தனார், கணவனின் தங்கை. வீட்டில் கூப்பிடும் பெயரே கம்பெனியிலும் நிலைத்துவிட்டது. படம் வரையப் படித்தவள். கல்யாணத்தோடு அதை மூட்டை கட்டி வைத்துவிட்டு, கல்யாணம் கசந்து மகளோடு அண்ணன் வீட்டுக்கு வந்த பிறகு மறுபடியும் அவிழ்த்தவள். இந்த வேலையை வாங்கிக் கொடுத்தது அண்ணியான அவள்தான். "எங்க வீட்டுப் பொண்ணு சார், கை சுத்தம், கணக்கு சுத்தம்" என்று சொல்லிச் சேர்த்துவிட்டாள். இன்னும் வேலை நிரந்தரமாகவில்லை. ஆனதும் மகளோடு தனியாக ஒரு வீடு பார்த்துக்கொண்டு போவதாக சின்னு முடிவு செய்திருந்தாள். ஒரு வீட்டையும் பார்த்து, ஜன்னலுக்கு என்ன திரை போடுவது என்பது வரை பேசியாகிவிட்டது.

ரோபோ கைக்குக் கண் கிடையாது. இந்த அறையில் மேசை எங்கே, சுவர் எங்கே என்று அதற்கு யாராவது சொல்லவேண்டும். சொன்னவள் சின்னு. டேப்பைப் பிடித்துக்கொண்டு தரையில் தவழ்ந்து அளந்து, மேசையை ஒரு பெட்டியாகவும், பின்சுவரையும் பக்கச்சுவரையும் பெரிய பெட்டிகளாகவும், மேசையைக் கழுவுமிடத்திலிருந்து பிரிக்கும் தடுப்பை மெல்லிய தகடாகவும் கணினியில் வரைந்து கொடுத்திருந்தாள்.

"நான் ரெண்டு தடவ அளந்தேனே சார்," என்றாள் சின்னு. குரல் பாதியில் இறங்கிவிட்டது. "ஒருவேளை... இருங்க, இப்பவே பாத்துடறேன்."

மண்டியிட்டு உட்கார்ந்து டேப்பை இழுத்தாள். மேசை விளிம்பிலிருந்து தடுப்பு, தடுப்பிலிருந்து சுவர், தரையிலிருந்து உயரம். சின்னு ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, அண்ணி திரையில் ஒத்துப் பார்த்தாள். எல்லாம் சரியாக வந்தது. கடைசியாகத் தடுப்பின் மேல் முனையில் மட்டும் ஒரு நகக்கண் அளவு வித்தியாசம். இடித்ததில் சாய்ந்ததோ, முன்பே அப்படி இருந்ததோ.

"இதோ!" என்றாள் சின்னு, தொலைந்த பொருளைக் கண்டுபிடித்தவள் போல. அடுத்த கணம் அது என்ன பொருள் என்று புரிந்து முகம் வாடியது. "என் தப்புதான் சார்."

"பாத்தீங்களா," என்றார் முதலாளி, எல்லோருக்கும் பொதுவாக.

நகக்கண் அளவு வித்தியாசத்தால் இது நடந்திருக்க முடியாது என்று புரோகிராம் எழுதியவளுக்குத் தெரியும். அளவில் சின்னப் பிசகு இருக்கும் என்று நினைத்தே ஒவ்வொரு பொருளையும் ஒரு விரற்கடை பருமன் கூட்டித்தான் அவள் கணக்குக்குக் கொடுப்பாள். சின்னு கண்டுபிடித்த பிசகு அந்த விரற்கடைக்குள் காணாமல் போய்விடும். வேறு என்ன காரணம் என்பதும், இன்னும் சரிபார்க்காத நிலையிலேயே, அவளுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்ததும் அவள் செய்த முதல் காரியம் லேப்டாப்பை மெதுவாக மூடியது.

*

ஒரு மாதத்துக்கு முன்னால் டாக்டரம்மா கம்பெனிக்கு வந்திருந்தார். கை எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க வேண்டும் என்றார். அவள் காட்டினாள்.

கையில் ஆறு மூட்டுகள். ஆறு மூட்டும் எந்தெந்தக் கோணத்தில் இருக்கின்றன என்பதைச் சேர்த்துச் சொன்னால் அது ஒரு நிலை. இப்போதைய நிலையிலிருந்து போய்ச் சேரவேண்டிய நிலைக்கு, எதிலும் இடிக்காமல் ஒரு வழி வேண்டும். இருக்கக்கூடிய நிலைகளையெல்லாம் ஒன்று விடாமல் தேடிப் பார்க்க ஆயுள் போதாது. அதனால் அவள் எழுதியது ஆர்.ஆர்.டி. என்ற முறையில். கண்ணை மூடிக்கொண்டு கல்லெறிவது போல ஏதோ ஒரு நிலையை எடுத்துக்கொள்ள வேண்டியது. இப்போதைய நிலையை வேராக வைத்து இதுவரை வளர்ந்திருக்கும் பாதை மரத்தில் அதற்கு மிகவும் கிட்டத்தில் இருக்கும் கிளை எது என்று பார்க்க வேண்டியது. அந்தக் கிளையிலிருந்து எறிந்த கல்லின் திசையில் ஒரு சின்னக் குச்சியை நீட்ட வேண்டியது. குச்சி நெடுக எங்கும் இடிக்காவிட்டால் அது மரத்தோடு சேர்ந்துவிடும். இடித்தால் எறிந்துவிட வேண்டும். பிறகு இன்னொரு கல். அவ்வப்போது, போய்ச் சேரவேண்டிய நிலையான குறியையே பார்த்து ஒரு கல். இப்படியே மரம் காலியிடமெல்லாம் படர்ந்து ஏதோ ஒரு நேரத்தில் குறியைத் தொட்டுவிடும். தொட்ட கிளையிலிருந்து வேர் வரை திரும்பி வந்தால் வழி கிடைத்துவிட்டது. வழி கோணல்மாணலாக இருக்கும். அதைச் சுருக்கி நேராக்கிக் கொடுத்தால் கை அழகாகப் போகும்.

அன்று கல்லெறிந்து மரம் வளரும்வரை கை சும்மா நின்றது. எல்லோரும் நின்றார்கள். பக்கத்து அறையில் யாரோ தும்மினார்கள், டீ வந்தது, டம்ளர் காலியானது. டாக்டரம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "ஏம்மா, இது யோசிச்சு முடிக்கறதுக்குள்ள நான் ரெண்டு பேருக்கு ரத்தம் எடுத்து, பஞ்சு வச்சு, காபி குடிங்கன்னு சொல்லி அனுப்பிடுவேன் போல இருக்கே?" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். முதலாளிதான் பலமாகச் சிரித்தார். அவளும் சிரித்தாள். காது மட்டும் பற்றி எரிந்தது. சின்ன வயதிலிருந்தே அவளுக்கு அப்படித்தான். வகுப்பில் பதில் தெரிந்தும் மெதுவாகச் சொல்பவள் அவள். "சீக்கிரம் சொல்லு" என்று யாராவது கேட்டால் தெரிந்த பதிலும் உள்ளே ஓடி ஒளிந்துகொள்ளும். அவள் எழுதியதும் அவளைப் போலவே மந்தமாக நின்று நாலு பேர் நடுவில் அவளைக் காட்டிக்கொடுத்துவிட்டது என்று தோன்றியது.

டாக்டரம்மா போனதும் அவள் உட்கார்ந்து ஒரு எண்ணை மாற்றினாள்.

மரம் வளர்வதில் நேரம் தின்பது கல்லெறிவது அல்ல. இடிக்கிறதா, இடிக்கிறதா என்று கேட்பதுதான். ஒரு நிலையிலிருந்து இன்னொன்றுக்குக் குச்சி நீட்டும்போது, வழியில் கொஞ்சம் கொஞ்சம் தூரத்துக்கு ஒரு தடவை நின்று, கையின் ஒவ்வொரு எலும்பையும் மேசையோடும் சுவர்களோடும் தடுப்போடும் உரசிப் பார்க்க வேண்டும். எவ்வளவு தூரத்துக்கு ஒரு தடவை என்பதுதான் அந்த எண். அவள் அதைப் பெரிதாக்கினாள். கேள்விகள் குறைந்தன. மரம் கிடுகிடுவென்று வளர்ந்தது. தோளில் கொஞ்சம் திரும்பினாலே நீட்டிய கையின் நுனி ஒரு சாண் நகர்ந்துவிடும் என்பது அவளுக்குத் தெரியாத விஷயமில்லை. நடுவில் அந்த ஒரு சாணை யாரும் பார்க்கமாட்டார்கள் என்பதும்தான். பிறகு சரி செய்துகொள்ளலாம் என்று நினைத்தாள். பல தடவை ஓட்டிப் பார்த்தாள். எறியும் கல் ஒவ்வொரு தடவையும் வேறு வேறு; அதனால் மரமும் வேறு, வழியும் வேறு. எந்த வழியும் தடுப்பின் விளிம்புக்குக் கிட்டே வரவில்லை. அது அவள் அதிர்ஷ்டம் என்று அப்போது தோன்றியது.

"பறக்குதே!" என்றார் முதலாளி மறுநாள். "என்ன பண்ணீங்க?"

"கொஞ்சம் சீர் பண்ணேன் சார்."

அந்தப் பாராட்டை அவள் வீட்டுக்குக் கொண்டுபோனாள். கணவனிடம் சொன்னாள். சின்னுவிடமும் சொன்னாள். "அண்ணி மூளைக்கு முன்னாடி நாங்கெல்லாம் எம்மாத்திரம்," என்று சின்னு அவள் தட்டில் இன்னொரு கரண்டி பரிமாறினாள்.

*

தடுப்பு உடைந்த அன்று மதியம் கம்பெனிக்குத் திரும்பியதும் அவள் தன் மேசையில் உட்கார்ந்து, கை போன வழியை எடுத்தாள். அதே வழியில், பழைய சின்ன எண்ணைப் போட்டு மறுபடியும் கேள்வி கேட்டாள்.

திரையில் கை வந்து நின்றது. தடுப்புக்கு இந்தப் பக்கம் ஒரு நிலை, பச்சை. அந்தப் பக்கம் ஒரு நிலை, அதுவும் பச்சை. அவளுடைய புரோகிராம் பார்த்தது இந்த இரண்டை மட்டும்தான். நடுவில் இப்போது வரிசையாக முளைத்த நிலைகளில் விரல்கள் தடுப்பின் மேல் விளிம்புக்குள் இறங்கி ஏறின. சிவப்பு, சிவப்பு, சிவப்பு. கோணல் வழியைச் சுருக்கி நேராக்கிய இடம் அது. மரமாக வளர்ந்தபோது மேலே சுற்றிப் போயிருந்த கிளையை, "குறுக்கே போனால் என்ன" என்று அவள் எழுதிய சுருக்குவழி வெட்டிவிட்டிருந்தது. அந்தக் குறுக்குக் கோட்டையும் அதே பெரிய எண்தான் பார்த்துச் சரி என்று சொல்லியிருந்தது.

சின்னு அளந்தது அச்சாகச் சரி.

முதலாளி வந்து நின்றது அவளுக்குக் கேட்கவில்லை. அவரைப் பார்த்ததும் அவள் கை தானாகத் திரையை மாற்றியது.

"ஒண்ணு சொல்லணும்," என்றார் அவர், பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு. "உங்க சொந்தம்னு தயங்கறேன். டாக்டரம்மாவுக்கு போன் போட்டு அளவுல பிசகுன்னு சொல்லிட்டேன். நாளைக்கு அந்தப் பொண்ணு வந்து அவங்ககிட்ட ஒரு மன்னிப்பு கேட்கட்டும். அப்பறம்... இந்த வேலைக்கு அவ சரிப்பட மாட்டா. மாசக் கடைசியில சொல்லிடலாம்னு இருக்கேன். நீங்க ஒண்ணும் நினைச்சுக்கக் கூடாது."

நான் ஒன்றும் நினைத்துக்கொள்ளவில்லை என்பது போல அவள் தலையை ஆட்டினாள். பிறகு யோசித்துப் பார்க்கும்போது அதுதான் அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. பொய் சொல்லவில்லை. ஒரு வார்த்தை கூடச் சொல்லவில்லை. தலை தானாக ஆடியது. ஒரு பொய்யாவது சொல்லியிருந்தால், அதைச் சொன்னவள் என்று தன்னைத்தானே பிடித்து நிறுத்திக் கேட்க ஒரு ஆள் கிடைத்திருக்கும்.

*

வீட்டில் சாப்பாட்டு மேசையை சின்னு அளந்துகொண்டிருந்தாள்.

தட்டுகளை ஓரமாக அடுக்கிவிட்டு, நீளம் ஒரு தடவை, குறுக்கு ஒரு தடவை, மறுபடியும் நீளம். மகள் எதிரே உட்கார்ந்து டேப்பின் மறுமுனையைப் பிடித்திருந்தாள். "அம்மா, மேச வளந்துடுச்சா?" என்றது குழந்தை.

"அவளுக்கு எப்பவும் அவசரம்," என்றான் கணவன், செருப்பைக் கழற்றிக்கொண்டே. விஷயம் ஏற்கெனவே தங்கை வாயாலேயே அவன் காதுக்குப் போயிருந்தது. "சின்னப்பிள்ளையில ஸ்கேல வச்சு கோடு போடச் சொன்னாக்கூட கோணலாத்தான் போடுவா. உனக்கு எவ்வளவு கெட்ட பேரு பாரு. நீ சொல்லித்தானே சேத்துக்கிட்டாங்க?"

"விடுங்க," என்றாள் அவள்.

"அண்ணா சொல்றது சரிதான்," என்றாள் சின்னு. டேப் சட்டென்று உள்ளே ஓடிச் சுருண்டது. "அண்ணி, நீங்க எவ்வளவு நம்பிக்கையா சொல்லி சேத்துவிட்டீங்க. உங்க பேரக் கெடுத்துட்டேன். கோவமா இருந்தா திட்டிடுங்க. பேசாம இருக்காதீங்க, அதுதான் எனக்குத் தாங்கல."

சொல்லிவிட வேண்டிய நேரம் அதுதான். வேறு யாரும் இல்லை, கணவனும் குழந்தையும்தான். சொல்லவேண்டிய வாக்கியம்கூடச் சின்னது. அது நெஞ்சுக்குழி வரை வந்தது. ஆனால் சின்னுவின் கண்கள் கலங்கி, அவள் முகத்தையே, அவள் ஒருத்தியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தன. அப்படி யாரும் அவளைப் பார்த்து நாளாகிவிட்டது. பெரியவளாக, அறிவுள்ளவளாக, மன்னிக்கும் இடத்தில் இருப்பவளாக.

"பரவாயில்ல சின்னு," என்றாள். "எல்லாருக்கும் நடக்கறதுதான். விடு."

சின்னு அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பாத்திரம் தேய்க்கும்போது அவள் தண்ணீரை வேண்டுமென்றே வேகமாகத் திறந்துவிட்டாள். தன் தப்புக்காக இன்னொருத்தியை மன்னித்திருக்கிறாள். பயத்தில் வாயடைத்துப் போனது வேறு. முதலாளி முன்னால் தலையாட்டியதுகூட வேறு. இது அப்படியில்லை. மன்னித்தபோது ஒரு கணம், மிகச் சின்ன ஒரு கணம், நன்றாக இருந்தது. அந்த இதம் இன்னும் உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டிருந்தது. சோப்பைப் போட்டுப் போட்டுக் கழுவினாள்.

*

மறுநாள் காலை கம்பெனிக்குள் நுழைந்ததும், பையைக்கூட இறக்காமல் முதலாளியின் அறைக்குப் போனாள். எண்ணைப் பற்றிச் சொன்னாள். எப்போது மாற்றினாள், ஏன் மாற்றினாள், நடுவில் என்ன நடந்தது. பாடம் படித்துவைத்தது போலச் சொல்லி முடித்தாள்.

முதலாளி வெகுநேரம் பேனாவைத் திறந்து திறந்து மூடினார்.

"இதை யாருக்கெல்லாம் சொன்னீங்க?"

"உங்களுக்குத்தான் சார்."

"அதோட நிக்கட்டும்." அவர் குரலைத் தாழ்த்தினார். "பாருங்க, அளவு தப்புன்னா ஒரு ஆளோட தப்பு. ஆளை மாத்திட்டோம்னு சொல்லிக்கலாம். யோசிக்கற மூளையே தப்புன்னு சொன்னா? அந்தம்மா நாளைக்கு அந்தக் கைக்குப் பக்கத்துல ஒரு நர்ஸை நிக்க விடுவாங்களா? மருந்து கொடுத்தவர் தப்பா எடுத்துட்டார்னா மன்னிப்பாங்க. மருந்தே தப்புன்னா கடைய மூடிட்டுப் போக வேண்டியதுதான்."

"சின்னு—"

"எண்ணைச் சரி பண்ணிடுங்க. அது போதும். அந்தப் பொண்ணுக்கு வேற எங்கயாவது நானே சொல்லி வாங்கித் தரேன்."

அவள் எண்ணைச் சரி செய்தாள். அதோடு, சுருக்கி நேராக்கிய வழியையும் முழுதாக ஒரு தடவை நுணுக்கமாகப் பார்த்த பிறகே கைக்குக் கொடுக்கும்படி எழுதினாள். வண்டியில் ஏறினாள். முன் இருக்கையில் முதலாளி. பின்னால் அவளும் சின்னுவும், நடுவில் புது அக்ரிலிக் தடுப்பு, காகிதம் சுற்றி. சின்னு வழியெல்லாம் உதட்டை அசைத்துக்கொண்டே வந்தாள். மன்னிப்புக் கேட்க ஒத்திகை.

சொல்லியாகிவிட்டதே என்று அவள் தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். சொல்லவேண்டிய ஆளிடம் சொல்லியாகிவிட்டது, இனி அது அவர் பாடு. அது ஒட்டவே இல்லை.

பரிசோதனைக்கூடத்தில் புதுத் தடுப்பை மாட்டி, சின்னு அளந்து முடித்தாள். டாக்டரம்மா கோட்டை மாற்றிக்கொண்டு, கைக்கு எட்டாத தூரத்தில், கதவோரமாக வந்து நின்றார். "நான் இங்கயே நின்னு பாக்கறேன், எனக்கு இருக்கறது ரெண்டு கோட்டுதான்."

முதலாளி கண்ணைக் காட்டினார். சின்னு முன்னால் போய் நின்றாள். இடுப்பில் செருகியிருந்த புடவைத் தலைப்பை எடுத்துவிட்டாள். படித்துவந்த வார்த்தைகள் எல்லாம் எங்கோ போய்விட்டன என்பது முகத்தில் தெரிந்தது.

"டாக்டர், நேத்து நான் அளந்ததுல... என்னோட கவனக்குறைவுதான். இவங்க யாரும் காரணமில்ல. எங்க அண்ணி எழுதினது எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு. என்னால அவங்களுக்கும்..."

"சின்னு, நிறுத்து," என்றாள் அவள்.

சத்தமாகச் சொல்லிவிட்டாள் போலிருக்கிறது. ஊசி போடும் பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். முதலாளி எச்சரிப்பது போலத் தொண்டையைச் செருமினார்.

அவள் லேப்டாப்பைத் திறந்து டாக்டரம்மா பக்கம் திருப்பினாள். நேற்றைய வழி. தடுப்புக்கு இந்தப் பக்கம் பச்சைக் கை. அந்தப் பக்கம் பச்சைக் கை. "இது ரெண்டைத்தான் என் புரோகிராம் பாத்துச்சு," என்றாள். பிறகு நடுவில் உள்ளதைத் திறந்துவிட்டாள். சிவப்புக் கைகள் விசிறி மாதிரி விரிந்து தடுப்பின் விளிம்பை அரிந்தன. "இதெல்லாம் பாக்காம விட்டுச்சு. பாக்க வேண்டாம்னு நான்தான் சொல்லிவச்சேன். அளவு சரி. அவ அளந்ததுல ஒரு தப்பும் இல்ல."

டாக்டரம்மா திரையைக் குனிந்து பார்த்தார். "ஏன் பாக்க வேண்டாம்னு சொன்னீங்க?"

"ரொம்ப நேரம் யோசிக்குதுன்னு நீங்க... அன்னிக்கு எல்லாரும் சிரிச்சீங்க."

அறையில் யாரோ மூச்சை இழுத்தார்கள். அந்தக் காரணம் அவள் தலைக்குள் இருந்தவரை கனமாக, நியாயமாகவே இருந்தது. வெளியே வந்ததும் குழந்தை சொல்லும் சாக்குப் போல இருந்தது.

"அடக் கடவுளே," என்றார் டாக்டரம்மா. அவர் முகத்தில் கோபம் இல்லை. அதைவிட மோசமாக, உண்மையான வியப்பு இருந்தது. "நான் எதுக்கும் எதாவது சொல்லுவேம்மா. என் வாய் அப்படி. ரத்தம் அரை மணி நேரம் காத்திருந்தாலும் ஒண்ணும் ஆகாது. இப்ப எல்லாத்தையும் பாக்குமா இது?"

"பாக்கும். ஆனா நேரம் ஆகும்."

"ஆகட்டும். ஓட்டுங்க. நான் நிக்கறேன்."

முதலாளி சுவரோரம் போய், கைகளைக் கட்டிக்கொண்டு அவளைப் பார்க்காமல் நின்றார். மானத்தை வாங்கிவிட்டாய் என்று அந்த முதுகு சொன்னது.

அவள் பொத்தானை அழுத்தினாள். மரம் வளரத் தொடங்கியது. கை அசையவில்லை. திரையில் கற்கள் விழுந்தன, குச்சிகள் நீண்டன, முறிந்தன, வேறு பக்கம் நீண்டன. ஒரு மாதத்துக்கு முன்னால் அவள் காது எரிந்த அதே காத்திருப்பு. இப்போது அது இன்னும் நீளமாக இருந்தது, யாரும் சிரிக்கவுமில்லை.

சின்னு பக்கத்தில் வந்து நின்றாள். டேப்பைக் கையில் வைத்துக்கொண்டு, திரையைப் பார்த்தபடியே, ரொம்ப மெதுவாகக் கேட்டாள்.

"எப்ப தெரியும் அண்ணி உங்களுக்கு?"

இன்று காலை என்று சொல்லலாம். சின்னு நம்புவாள். நம்ப வேண்டும் என்றுதான் கேட்கிறாள் என்பது அந்தக் குரலிலேயே இருந்தது.

"நேத்து மத்தியானம்," என்றாள்.

சின்னு கணக்குப் போட்டாள். மதியம், பிறகு சாயங்காலம், பிறகு சாப்பாட்டு மேசை. அவள் முகத்தில் ஒவ்வொன்றாக அது ஓடுவதை அருகில் நின்று பார்க்க வேண்டியிருந்தது. பார்வையைத் திருப்பிக்கொள்ள அவளுக்கு உரிமை இல்லை என்று பட்டது. சின்னு அழவில்லை. ஓரடி, ஒரே ஓரடி, தள்ளி நின்றுகொண்டாள்.

மரம் குறியைத் தொட்டது. கோணல் வழி நேரானது. நேரானதை மறுபடி முழுக்கப் பார்த்து, இரண்டு தடவை கூடாது என்று திருப்பி, மூன்றாவது தடவை சரி என்றது. கை எழுந்தது. தட்டைத் தூக்கி, முழங்கையை மடக்கி, தடுப்புக்கு மேலே தாராளமாக உயர்ந்து, அந்தப் பக்கம் இறங்கி வைத்தது. ஒரு சொட்டுத் தண்ணீர்கூடத் தளும்பவில்லை. ஊசி போடும் பெண்கள் கைதட்டினார்கள். "இனிமே இது யோசிக்கறப்ப நான் பேசமாட்டேன்," என்றார் டாக்டரம்மா. முதலாளி வேறு வழியில்லாமல் திரும்பிச் சிரித்தார். அப்படியே சின்னுவைப் பார்த்து, "ஏம்மா, நாளைக்கு அடுத்த ரூமையும் அளந்துடு," என்றார். அதுவே அவருக்கு மன்னிப்பு மாதிரி.

"சரி சார்," என்றாள் சின்னு.

சின்னுவின் வேலை போகவில்லை. வீடும் கிடைக்கும். அவள் மூச்சுவிட்டாள். ஆனால் சின்னு அவள் பக்கம் வரவில்லை. வெளியே நடைபாதையில் போய் நின்றாள். அவளும் பின்னாலேயே போனாள். என்ன சொல்வது என்று தெரியாமல்தான் போனாள்.

"சின்னு..."

"அண்ணாகிட்ட நீங்களே சொல்லிடுங்க," என்றாள் சின்னு. குரலில் கோபம் இல்லை, மரியாதையும் குறையவில்லை. அந்த மரியாதைதான் சுட்டது. "நான் சொன்னா நம்பமாட்டார். உங்க மேல பழி போடறேன்னு சொல்லுவார்."

"இன்னிக்கு வீட்டுக்குப் போனதும்..."

"இப்பவே சொல்லுங்க அண்ணி."

அவள் போனை எடுத்தாள். கணவன் எங்கோ சத்தமான இடத்தில் இருந்தான் போல. எடுத்ததும் உரக்கப் பேசினான். அந்த நடைபாதையில் சின்னுவுக்கும் தெளிவாகக் கேட்டிருக்கும்.

"சொல்லு. என்ன, இன்னிக்கும் இடிச்சிட்டாளா?"

அவள் சின்னுவைப் பார்த்தாள். சின்னு எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்லங்க," என்றாள் அவள். "நேத்தும் அவ இல்ல. ஒரு ஓரமா வந்து நில்லுங்க, முழுசாச் சொல்றேன்."